பசலி, தபசில், பைசல், மொபசல்: அரபுச் சொல்லின் வேரைத் தேடும் முறை

வீட்டுப் பீரோவில் பழைய நிலப் பத்திரம் ஏதாவது இருந்தால் எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். நிலத்தின் நான்கு எல்லை, சர்வே எண், பரப்பு எல்லாம் எழுதியிருக்கும் பகுதிக்கு மேலே ‘தபசில்’ என்று தலைப்பு இருக்கும். அதே நிலத்தின் தீர்வை ரசீதில் ஆண்டைக் குறிக்க ‘பசலி’ என்று போட்டிருப்பார்கள். நிலத்தைப் பற்றி வழக்கு நடந்து முடிந்திருந்தால், ‘வழக்கு பைசல் ஆகிவிட்டது’ என்று பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அந்த ஊருக்குப் போக நீங்கள் ஏறும் வெளியூர் பஸ்ஸுக்குச் சென்னையில் ‘மொபசல்’ பஸ் என்று பெயர்.

தபசில், பசலி, பைசல், மொபசல். நான்கும் அரபு மொழியின் ஒரே வேரிலிருந்து வந்தவை. பாரசீகம், உருது வழியாக வருவாய்த்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் வந்து, தமிழ் வாயில் உருமாறிவிட்டன. வேர் மூன்றே மெய்கள்: ஃபா, ஸாத், லாம். அதன் பொருள் ‘பிரித்தல்’.

ஃபஸ்ல் என்றால் பிரிவு. ஆண்டின் ஒரு பிரிவு பருவம். விளைச்சல் பருவத்தை ஒட்டி எண்ணப்படும் ஆண்டு ஃபஸ்லீ, நம் பசலி. (2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரை தமிழ்நாட்டில் பசலி 1433.) தஃப்ஸீல் என்றால் தனித்தனியாகப் பிரித்து விவரிப்பது. அதனால்தான் சொத்து விவரம் தபசில் ஆனது. ஃபைஸல் என்றால் சரியையும் தவறையும் பிரித்துச் சொல்லும் தீர்ப்பு. முஃபஸ்ஸல் என்றால் பிரித்து வைக்கப்பட்டது. தலைநகரிலிருந்து பிரிந்து கிடக்கும் வெளிப்பகுதிகளுக்கு அந்தப் பெயர் நின்றது.

அரபு எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டு, அகராதியைத் திறந்தால் தேடிய சொல் கிடைக்காமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி நின்றிருக்கிறேன். ஒரு கடைப் பலகையில் ‘மக்தபா’ என்று வாசித்துவிட்டு அகராதியில் மீம் எழுத்தின் கீழ் நெடுநேரம் தேடினேன். அந்தச் சொல் அங்கே இருக்கவே இருக்காது. அது காஃப் எழுத்தின் கீழே, ‘எழுதினான்’ என்ற வினைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அரபு அகராதிகளில் பெரும்பாலானவை சொல்லின் முதலெழுத்தை வைத்து அடுக்கப்பட்டவை அல்ல, வேரின் எழுத்துகளை வைத்து அடுக்கப்பட்டவை. வேரைப் பிரிக்கத் தெரியாதவரை அகராதி நமக்குப் பூட்டிய பெட்டிதான்.

வேரும் வாய்பாடும்

தமிழில் எழுது, எழுத்து, எழுத்தாளர், எழுதுகோல் என்று சொல்லின் பின்னால் ஒட்டிக்கொண்டே போகிறோம். அரபு அப்படி ஒட்டுவது குறைவு. மூன்று மெய்களை அப்படியே நிறுத்தி வைத்து, அவற்றுக்கு இடையே உயிர்களை மாற்றி மாற்றிச் செருகும். காஃப், தா, பா என்ற மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். கதப என்றால் எழுதினான். காதிப் எழுதுபவன். கிதாப் புத்தகம். குதுப் புத்தகங்கள். மக்தூப் எழுதப்பட்டது. மக்தப் எழுதும் இடம், அதாவது அலுவலகம். மக்தபா புத்தகங்கள் உள்ள இடம்: நூலகம், புத்தகக் கடை. க், த், ப் மூன்றும் அதே வரிசையில் எல்லாவற்றிலும் இருக்கின்றன.

உள்ளே உயிர் மாறுவது நமக்கு முற்றிலும் அந்நியம் இல்லை. கெடு கேடாகிறது, சுடு சூடாகிறது, பெறு பேறாகிறது. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். தமிழில் அது சில வினைகளோடு நின்றுவிடும், முதல் உயிர் நீள்வதோடு முடிந்துவிடும். அரபில் அதுவே சொல்லாக்கத்தின் முதுகெலும்பு.

மெய்களுக்கு நடுவே வரும் உயிர்களின் அமைப்பைத்தான் வாய்பாடு என்கிறேன். அரபு இலக்கணக்காரர்கள் இதை ‘வஸ்ன்’ என்பார்கள், எடை என்று பொருள். வாய்பாட்டுக்குப் பெயர் வைக்க அவர்கள் செய்த வழி தமிழ் யாப்பு படித்தவர்களுக்கு உடனே பிடிபடும். நேர் நேர் என்பதற்குத் தேமா, நிரை நேர் என்பதற்குப் புளிமா என்று ஒரு மாதிரிச் சொல்லையே அளவுகோலாக வைத்தோம் இல்லையா? அவர்கள் ஃபா, ஐன், லாம் என்ற மூன்று எழுத்தை அளவுகோலாக வைத்தார்கள். ஃபா இருக்கும் இடத்தில் வேரின் முதலெழுத்து, ஐன் இருக்கும் இடத்தில் இரண்டாவது, லாம் இருக்கும் இடத்தில் மூன்றாவது. ஆக, காதிப் என்ற சொல்லின் வாய்பாடு ஃபாஇல். மக்தூப் என்பதன் வாய்பாடு மஃப்ஊல். எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் அரபு யாப்பை வகுத்தபோது அதன் சீர்களுக்கும் இதே மூன்று எழுத்துகளைக் கொண்டே பெயர் வைத்தார். அரபின் முதல் பெரிய அகராதியைத் தொடங்கியவரும் அவரே.

எழுத்துகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தமிழ் எழுத்தில் அரபை எழுதினால் பல எழுத்துகள் ஒன்றாகக் கலந்துவிடும். ஸீனும் ஸாதும் நமக்கு ஒரே ஸ. சாதாரண காஃபும் அடித்தொண்டையிலிருந்து வரும் காஃபும் ஒரே க. அரபில் அவை வேறு வேறு வேர்கள். அடித்தொண்டைக் காஃபில் தொடங்கும் கல்ப் என்றால் இதயம், சாதாரண காஃபில் தொடங்கும் கல்ப் என்றால் நாய். எனவே வேரைக் காதால் பிடிக்காதீர்கள், கண்ணால் அரபு எழுத்தைப் பார்த்தே பிடியுங்கள். இந்தக் கட்டுரையில் வேரை எழுத்துகளின் பெயரால் சொல்கிறேன், குழப்பம் குறையும்.

முதலில் இந்த ஐந்து போதும்

வாய்பாடுகள் நிறைய உண்டு. எல்லாவற்றையும் பட்டியலாக மனப்பாடம் செய்ய வேண்டாம். தமிழிலேயே உதாரணம் கிடைக்கும் ஐந்தை முதலில் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஃபாஇல் என்பது செய்பவரைக் குறிக்கும். நீதிமன்றத்தில் ‘ஆஜர்’ என்கிறோமே, அது ஹாளிர், வந்து நிற்பவர். (ரமளானில் வரும் ளாத்தான் இதில் நடு எழுத்து.) ‘வாரிசு’ என்பது வாரிஸ், உரிமையாகப் பெறுபவர். ‘ஜாமீன்’ என்பது ளாமின், பொறுப்பேற்பவர். அரபில் அது ஆளைக் குறிக்கும் சொல். தமிழில் பொறுப்பேற்கும் செயலுக்கே பெயராகிவிட்டதால், ஆளைச் சொல்ல ‘ஜாமீன்தார்’ என்று இன்னொரு வால் சேர்க்க வேண்டி வந்தது. மூன்று சொல்லையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள்: ஹாளிர், வாரிஸ், ளாமின். முதலில் நெடில் ஆ, அப்புறம் குறில் இ. தாளம் ஒன்றே.

மஃப்ஊல் என்பது செய்யப்பட்டதைக் குறிக்கும். ‘மகசூல்’ என்பது மஹ்ஸூல், கைக்கு வந்து சேர்ந்தது. ‘மாமூல்’ என்பது மஃமூல் போல ஒலிக்கும் சொல், நடுவில் இருப்பது ஐன். நடைமுறையில் செய்யப்பட்டு வருவது என்று பொருள். இதே ஐன், மீம், லாம் வேரின் இன்னொரு சொல் ‘அமல்’. சட்டம் அமலுக்கு வருவதும் மாமூலாக நடப்பதும் ஒரே வேர்.

தஃப்ஈல் என்பது ஒரு செயலை முனைந்து செய்வதன் பெயர். தபசில் இந்த வாய்பாடு. தாசில்தாரில் இருக்கும் ‘தாசில்’ கூட இதுதான்: தஹ்ஸீல், வசூலித்தல். அதில் ‘தார்’ பாரசீக ஒட்டு. தஹ்ஸீலையும் மஹ்ஸூலையும் பக்கத்தில் வையுங்கள். ஹா, ஸாத், லாம் இரண்டிலும் இருக்கிறது. உழவர் கையில் சேர்வது மகசூல், அதிலிருந்து அரசுக்குச் சேர்ப்பவர் தாசில்தார்.

மஃப்அல் என்பது இடம். சில வேர்களுக்கு மஃப்இல் என்றும், இறுதியில் ஆ சேர்ந்து மஃப்அலா என்றும் வரும். மக்தப், மஸ்ஜித், மதரஸா. மஸ்ஜித் என்பது ஸஜ்தா செய்யும் இடம், மதரஸா என்பது தர்ஸ், அதாவது பாடம், நடக்கும் இடம்.

ஐந்தாவது, ‘மு’ என்று தொடங்கும் சொற்கள். மு வந்தால் கடைசி மெய்க்கு முன்னால் உள்ள உயிரைப் பாருங்கள். அங்கே இ இருந்தால் செய்பவர், அ இருந்தால் செய்யப்பட்டது. முஅல்லிம் கற்பிப்பவர். முன்ஸிஃப் நியாயம் வழங்குபவர், நம் முன்சீப். முஃபஸ்ஸல் பிரிக்கப்பட்டது. சட்டமன்றத்தில் தாக்கல் செய்யும் ‘மசோதா’ முஸவ்வதா என்ற சொல்லிலிருந்து வந்தது. அதன் வேர் ஸீன், வாவ், தால், பொருள் கறுப்பு. தாளை மையால் கறுப்பாக்கி எழுதிய முதல் வரைவு என்பதால் அந்தப் பெயர்.

உரிக்கும் வரிசை

இனி அரபு வாசகத்தில் தெரியாத சொல் ஒன்று எதிர்ப்பட்டால் என்ன செய்வது என்று பார்ப்போம். வெங்காயம் உரிப்பதுபோல வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும்.

முதல் படி, ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சொற்களைக் கழற்றுவது. முன்னால் வ (உம்), ஃப (ஆகவே), பி (ஆல்), லி (க்கு), அல் (குறிப்பிட்ட அந்த), எதிர்காலம் காட்டும் ஸ ஆகியவை வரும். பின்னால் ஹு (அவனை, அவனுடைய), ஹா (அவளை), ஹும் (அவர்களை), நா (எங்களை) போன்றவை வரும்.

இரண்டாம் படி, எண்ணும் பாலும் காட்டும் விகுதிகளைக் கழற்றுவது. ஊன், ஈன், ஆத் என்ற பன்மை விகுதிகள், இறுதியில் வரும் தா மர்பூதா, நிகழ்கால வினையின் முன்னால் நிற்கும் ய, த, ந, அ.

மூன்றாம் படி, வாய்பாடு சேர்த்த எழுத்துகளைக் கழற்றுவது. இங்கேதான் பழைய இலக்கண ஆசிரியர்கள் ஒரு பெரிய உதவி செய்திருக்கிறார்கள். வேருக்கு வெளியிலிருந்து சொல்லாக்கத்துக்காக வந்து சேரும் எழுத்துகள் பத்தே பத்துதான். அந்தப் பத்தையும் ஒரே சொல்லில் அடைத்து வைத்தார்கள்: ‘ஸஅல்துமூனீஹா’. ‘அதை என்னிடம் கேட்டீர்கள்’ என்று பொருள். ஸீன், ஹம்ஸா, லாம், தா, மீம், வாவ், நூன், யா, மெல்லிய ஹா, அலிஃப் எல்லாம் அதில் அடக்கம். இந்தப் பத்தில் இல்லாத எழுத்து ஒன்று சொல்லின் உடலுக்குள் இருந்தால் (முதல் படியில் கழற்றிய பி, ஃப போன்றவற்றை விட்டுவிட்டு) அது அநேகமாக எப்போதும் வேரின் எழுத்து. பத்தில் இருக்கும் எழுத்து வேராகவும் இருக்கலாம், ஒட்டாகவும் இருக்கலாம், சந்தேகத்தில் வையுங்கள். முஃபஸ்ஸலில் ஃபாவும் ஸாதும் பத்தில் இல்லை, இரண்டும் வேர் என்பது உறுதி. மீமும் லாமும் சந்தேகம். முன்னால் நிற்கும் ‘மு’ தெரிந்த ஒட்டு என்பதால் மீம் போகிறது, லாம் நிற்கிறது.

நான்காம் படி, மீதம் மூன்று எழுத்தா என்று எண்ணுவது. மூன்று நின்றால் அந்த வேரை வாய்பாட்டில் மறுபடி ஊற்றிப் பார்த்து, நீங்கள் தொடங்கிய சொல்லே திரும்ப வருகிறதா என்று சரிபாருங்கள். இந்தச் சரிபார்ப்பைத் தவிர்த்துவிட்டு அகராதிக்கு ஓடுபவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

ஒரு நீண்ட சொல்லில் செய்து பார்ப்போம்: ‘வஸயஸ்தக்பிலூனஹும்’. அரபில் இது இடைவெளியே இல்லாத ஒரே சொல். எழுத்துகள் பன்னிரண்டு: வாவ், ஸீன், யா, ஸீன், தா, அடித்தொண்டைக் காஃப், பா, லாம், வாவ், நூன், ஹா, மீம். இதில் பத்துக்குள் சேராதவை காஃபும் பாவும் மட்டும்தான். அவை உறுதி என்று முதலிலேயே கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது உரிப்போம். முன்னால் வ, ‘உம்’. அடுத்து ஸ, எதிர்காலம். பின்னால் ஹும், ‘அவர்களை’. மீதி: யஸ்தக்பிலூன. பின்னால் ஊன, முன்னால் ய. இரண்டும் சேர்ந்து ‘அவர்கள் செய்வார்கள்’ என்று வினையின் ஆளைச் சொல்பவை, கழற்றலாம். மீதி: ஸ்தக்பில். முன்னால் நிற்கும் ‘ஸ்த’ என்பது இஸ்தஃப்அல என்ற வினை வாய்பாட்டின் அடையாளம். அதையும் எடுத்தால் காஃப், பா, லாம். பன்னிரண்டில் ஒன்பது போய் மூன்று நின்றது.

சரிபார்ப்போம். இந்த வேரை இஸ்தஃப்அல வாய்பாட்டில் ஊற்றினால் இஸ்தக்பல, எதிர்கொண்டு வரவேற்றான். ஆக, மொத்தச் சொல்லின் பொருள் ‘அவர்களை வரவேற்கவும் செய்வார்கள்’. அரபு நாட்டு ஓட்டல்களில் வரவேற்பு மேசைக்கு மேலே ‘இஸ்திக்பால்’ என்று எழுதியிருப்பது இதன் பெயர்ச்சொல். தொழுகையில் எதிர்நோக்கும் திசை கிப்லா. எதிரே வரப்போகும் காலம் முஸ்தக்பல். நிக்காஹ்வில் சொல்லும் கபூல், ஏற்றுக்கொண்டேன், அதுவும் இந்த வேர்தான்.

மூன்று நிற்காவிட்டால்

எண்ணும்போது இரண்டே எழுத்து மிஞ்சினால் பயப்பட வேண்டாம். ஏதோ ஒன்று அதிகமாக உரிந்துவிட்டது, அல்லது ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது.

அதிகமாக உரிப்பதற்கு நல்ல உதாரணம் இஸ்திமாஉ, கவனித்துக் கேட்டல். இஸ்திக்பாலைப் பார்த்த கண்ணுக்கு இதிலும் ‘இஸ்தி’ ஒட்டு போலத் தெரியும். அதைக் கழற்றினால் மீமும் ஐனும் மட்டும் மிஞ்சும். அதுவே தவறு நடந்ததற்கான அடையாளம். இங்கே ஸீன் வேரின் முதலெழுத்து. வேர் ஸீன், மீம், ஐன், பொருள் கேட்டல். வாய்பாடு இஃப்திஆல், அதாவது முதலெழுத்துக்கு அடுத்து ஒரு தா நுழையும் வகை. இந்திப் பாட்டுகளில் கேட்ட ‘இந்தஜார்’ கூட இந்த வாய்பாடுதான். அரபில் இன்திளார், காத்திருத்தல். ‘இன்’ என்பதை ஒட்டு என்று நினைத்துக் கழற்றினால் வேர் கிடைக்காது. நூன்தான் அதன் முதலெழுத்து. கண் பட்டுவிட்டது என்பதற்குச் சொல்லும் ‘நஜர்’ அதே வேர்: பார்வை. வழி பார்த்திருப்பது இன்திளார்.

ஒளிந்திருப்பதில் மூன்று வகை உண்டு. ஒரே எழுத்து இரண்டு முறை வருவது முதல் வகை. ‘ரத்து’ என்பது அரபில் ரத்த், திருப்பிவிடுதல். எழுத்தில் ஒரே ஒரு தால்தான் தெரியும், அதன் மேல் ஷத்து என்ற குறி இருக்கும். பல அச்சில் அதுவும் இருக்காது. வேர் ரா, தால், தால். திருமலை நாயக்கர் மஹாலின் ‘மஹால்’ இதே மாதிரி. அரபில் மஹல்ல், தங்கும் இடம், நாம் பார்த்த இட வாய்பாடு. வேர் ஹா, லாம், லாம். இரண்டு லாமும் தனித்தனியாகத் தெரியும் சொல் வேண்டுமானால் ‘ஹலால்’ இருக்கிறது. அவிழ்த்தல் என்பதே இந்த வேரின் பழைய பொருள். பயணி மூட்டையை அவிழ்த்துத் தங்கும் இடம் மஹால். தடை அவிழ்ந்தது ஹலால்.

இரண்டாவது வகையில் வாவோ யாவோ உயிர் நெடிலுக்குள் கரைந்துவிடும். கால என்றால் சொன்னான். காஃபும் லாமும்தான் தெரிகின்றன, நடுவில் வெறும் ஆ. நடுவில் மறைந்திருப்பது வாவா யாவா என்று சொல்லின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நிகழ்காலத்தைக் கேளுங்கள்: யகூலு, ஊ வருகிறது, ஆகவே வாவ். பெயர்ச்சொல் கவ்ல் என்பதிலும் வாவ் வெளிப்படையாகத் தெரிகிறது. பாஅ, விற்றான், என்பதற்கு நிகழ்காலம் யபீஉ. ஈ வருகிறது, ஆகவே யா. கடைசி எழுத்திலும் இப்படி நடக்கும். கடைக் கணக்கில் ‘பாக்கி’ என்கிறோமே, அது பாகீ, மீதம் நிற்பது, நம் ஃபாஇல் வாய்பாடு. கடைசியில் நீளும் ஈ தான் வேரின் யா. பன்மை விகுதி சேரும்போது அது மெய்யாக வெளியே வந்துவிடும்: பாகியாத். வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரியின் பெயரில் இருப்பது அந்தச் சொல். ‘நிலைத்து மிஞ்சும் நற்செயல்கள்’ என்று பொருள்.

மூன்றாவது வகை புதியவர்களை அதிகம் சுற்ற வைப்பது. வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு எதிசலாத் என்ற தொலைபேசி நிறுவனத்தின் பெயர் தெரிந்திருக்கும். அரபில் இத்திஸாலாத், தொடர்புகள். பின்னால் ஆத் என்ற பன்மையைக் கழற்றினால் இத்திஸால். ‘இத்தி’ என்று இரட்டித்து நிற்கும் தாவைப் பாருங்கள். இதுவும் இஃப்திஆல் வாய்பாடே. அதில் முதலெழுத்தை அடுத்துத் தா வரும் என்று சொன்னேன். முதலெழுத்து வாவாக இருந்தால், அந்த வாவ் அடுத்துள்ள தாவுக்குள் கரைந்து தாவை இரட்டிக்கச் செய்யும். எனவே ‘இத்தி’ என்று ஒரு சொல் தொடங்கினால் முதல் சந்தேகம் வாவ் மேல் விழ வேண்டும். வாவ், ஸாத், லாம். இந்த வேரில் வுஸூல் என்றால் வந்து சேர்தல். நம் ‘வசூல்’! பணம் வந்து சேர்வதும் குரல் போய்ச் சேர்வதும் ஒரு வேரில் நிற்கின்றன. இதைக் கண்டுபிடித்த அன்று நான் அடைந்த மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

நான்கு எழுத்து மிஞ்சினால் அதுவும் சரியாக இருக்கலாம். நான்கு மெய் கொண்ட வேர்கள் உண்டு, எண்ணிக்கையில் குறைவு. குர்ஆன் ‘தர்ஜுமா’ என்கிறோமே, அதன் வேர் தா, ரா, ஜீம், மீம்.

உடைந்த பன்மை

விகுதி எதுவும் சேராமல் உள்ளே உயிர் மாறிப் பன்மை ஆவது அரபில் மிகச் சாதாரணம். கிதாபின் பன்மை குதுப். மக்தபின் பன்மை மகாதிப். ஆலிம் ஒருவர், உலமா பலர். இதை அவர்களே ‘உடைந்த பன்மை’ என்கிறார்கள், ஒருமையின் வடிவம் உடைந்து மறுபடி கட்டப்படுவதால். எந்த ஒருமைக்கு எந்தப் பன்மை என்பதற்கு முழு நம்பிக்கையான விதி கிடையாது, சொல்லோடு சேர்த்தே படிக்க வேண்டும். வெளிநாட்டுச் சொல்லையும் அரபு இந்த அச்சில் ஊற்றிவிடும். ஃபில்ம் என்ற சினிமாப் படத்துக்குப் பன்மை அஃப்லாம்.

அச்சிட்ட அரபில் பொதுவாகக் குறில்கள் எழுதப்படுவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். செய்தித்தாளில் காஃப், தா, பா என்று மட்டும் இருந்தால் அது கதப (எழுதினான்) ஆகலாம், குதிப (எழுதப்பட்டது) ஆகலாம், குதுப் (புத்தகங்கள்) ஆகலாம். அறிஞரைக் குறிக்கும் ஆலிமும் உலகத்தைக் குறிக்கும் ஆலமும் எழுத்தில் ஒன்றே. முன்பின் வாசகத்தை வைத்துத்தான் எந்த வாய்பாடு என்று முடிவு செய்ய முடியும். வேரைப் பிரிப்பதற்கு மட்டும் இது தடையில்லை, வேர் முழுக்க மெய்களால் ஆனது, மேலே பார்த்த ஒளிந்த எழுத்துகளைத் தவிர மற்றவை எல்லாம் எழுதப்பட்டிருக்கும்.

வேர் பொருளைச் சொல்லிவிடுமா?

முழுவதும் சொல்லாது. வேர் கிடைத்ததும் பொருளை ஊகித்துக்கொண்டு அகராதியை மூடிவிடுவது பெரிய தவறு. காஃப், பா, லாம் வேரிலேயே கபீலா என்றால் குலம், குப்லா என்றால் முத்தம். எதிர்நோக்குதல் என்ற பொருளை மட்டும் வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் யாரும் ஊகிக்க முடியாது. மஃப்ஊல் வாய்பாடு மகசூலை ‘சேர்க்கப்பட்டது’ என்று காட்டும். அது விளைச்சலைத்தான் குறிக்கும் என்பதைப் பயன்பாடுதான் தீர்மானித்தது. வேர் உங்களைத் தெருவுக்குக் கொண்டுபோய் விடும். வீட்டு எண்ணை அகராதியில்தான் பார்க்க வேண்டும்.

அகராதியில் எங்கே?

இன்று கற்பவர்கள் அதிகம் புரட்டுவது ஹான்ஸ் வேர் தொகுத்த அகராதி. 1952இல் ஜெர்மன் மொழியில் வந்தது, 1961இல் ஆங்கிலப் பதிப்பு வந்தது. அதில் வேரின் முதலெழுத்து, இரண்டாம் எழுத்து, மூன்றாம் எழுத்து என்ற வரிசையில் தேட வேண்டும். வேரின் கீழே முதலில் வினைகள் இருக்கும். இரண்டாவது வகை முதல் பத்தாவது வகை வரையான வினைகளை எழுதிக் காட்டாமல் II, V, X என்று ரோமன் எண்ணை மட்டும் போட்டிருப்பார்கள். II என்றால் நடு எழுத்து இரட்டிக்கும் வகை. தஃப்ஈல் அதன் பெயர்ச்சொல். VIII என்றால் இஃப்திஆல் கூட்டம், X என்றால் இஸ்திஃப்ஆல் கூட்டம். அந்த எண்ணைப் பார்த்ததும் சொல்லை நீங்களே மனதில் உருவாக்கிக்கொள்ள வேண்டும். அதன் பின்னால் பெயர்ச்சொற்கள், கடைசியில் ‘மு’ வகைகள் வரும்.

பழைய பெரிய அகராதிகளைத் தொடும் நாள் வந்தால் வரிசை மாறும் என்பதை நினைவில் வையுங்கள். 1290இல் முடிக்கப்பட்ட இப்னு மன்ளூரின் ‘லிஸானுல் அரப்’ வேரின் கடைசி எழுத்தை முதலில் பார்க்கிறது. கடைசி எழுத்துக்கு ஒரு ‘பாப்’, அதாவது வாசல். அதற்குள் முதலெழுத்துக்கு ஒரு ‘ஃபஸ்ல்’, அதாவது பிரிவு. எனவே நம் பத்திரத்துத் தபசிலின் வேரைத் தேட லாமின் வாசலில் நுழைந்து, ஃபாவின் ஃபஸ்லுக்குப் போக வேண்டும். நீங்கள் தேடிப் போகும் சொல்லே அந்தப் பக்கத்தின் தலைப்பிலும் இருக்கும்.